வேர்ப்புழுவுக்கு நூற்புழு: செங்கல் நிறமாகச் சாகும் புழுவும் அதற்குப் பின்னால் இருக்கும் பாக்டீரியாவும்

"சத்தியமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கர் கரும்பு. மூன்று வருடமாக வேர்ப்புழுத் தொல்லை. போன செப்டம்பரில் ஒருவர் சொன்னார் என்று நூற்புழு பாக்கெட் வாங்கி ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. நூற்புழு என்றாலே பயிருக்கு எதிரிதானே, அது எப்படி வேர்ப்புழுவைக் கொல்லும்? உள்ளே இருக்கும் பாக்டீரியாதான் கொல்கிறது என்கிறார்களே, உண்மையா? பக்கத்திலேயே பட்டுப்புழு மனை இருக்கிறது, பயமாக இருக்கிறது. இந்த வருடம் மறுபடி முயற்சி செய்யலாமா?"

செய்யலாம். ஆனால் செப்டம்பரில் வேண்டாம், பாக்கெட்டைச் சோதிக்காமலும் வேண்டாம். நான் பூச்சியியல் படித்தவன். பல வருடங்கள் ஆய்வகத்தில் நூற்புழு வளர்த்து, கரும்பு வயல்களில் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. பலிக்காத இடங்களில் திரும்பிப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் ஊற்றிய நாளிலோ அல்லது பாக்கெட்டிலோதான் இருந்தது. அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் எங்கே தவறியது என்பதும் உங்களுக்கே புரியும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. தக்காளியிலும் வாழையிலும் வேர்முடிச்சு உண்டாக்குவதும் நூற்புழுதான். ஆனால் அந்த வகையின் வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு இருக்கும். அதை வேரின் செல்லுக்குள் குத்திச் சாற்றை உறிஞ்சும். பாக்கெட்டில் வருகிற வகைக்கு அந்த ஊசி கிடையாது. வேரைத் தின்ன அதனால் முடியாது, கரும்பு வேர்மீது ஊர்ந்து போனாலும் ஒன்றும் செய்யாது. நூற்புழு என்பது ஒரு பெரிய வம்சத்தின் பெயர். பூச்சி என்று சொன்னால் அதில் தேனீயும் வரும், தண்டுத் துளைப்பானும் வரும் அல்லவா, அதே மாதிரி.

பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுக்களில் விவசாயத்துக்குப் பயன்படுபவை முக்கியமாக இரண்டு பேரினங்கள்: ஸ்டெய்னெர்னீமா, ஹெட்டெரோராப்டிடிஸ். உங்கள் ஊர் நிலைமைக்குப் பொருந்துவது இரண்டாவதில் வரும் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா. அதன் பிறந்த ஊர் கோயம்புத்தூர் என்றே சொல்லலாம். கோவையில் கரும்பின் நுனிக்குருத்துப் புழுவிலிருந்து எடுத்த இந்த நூற்புழுவை 1992-ல் பாய்னர், கருணாகர், டேவிட் மூவரும் புது இனமாக விவரித்தார்கள். நம் ஊர்ச் சூட்டுக்குப் பழகியது, கரும்புக் காட்டிலேயே கிடைத்தது. குளிர்நாட்டு வகைகளைக் கொண்டுவந்து இங்கே ஊற்றினால் கோடை மண்ணில் தாக்குப்பிடிப்பது கடினம். அதனால் பாக்கெட்டில் முதலில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாக்கெட்டுக்குள் இருப்பது அதன் வாழ்க்கையில் ஒரே ஒரு பருவம் மட்டும்தான். தொற்றுப் பருவ இளம்புழு என்று சொல்வோம். அரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வெறும் கண்ணுக்கு, தண்ணீரில் மிதக்கும் மிக மெல்லிய நூல் துணுக்கு போலத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். இந்தப் பருவத்தில் அது எதையும் தின்னாது. வாயும் ஆசனவாயும் மூடியிருக்கும். முந்தைய பருவத்தில் உரித்த தோலையே மேலே சட்டையாகப் போட்டுக்கொண்டிருக்கும். தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை மட்டும் செலவழித்துக்கொண்டு மண்துகள்களுக்கு இடையிலுள்ள ஈரப்படலத்தில் நீந்தி, ஒரு புழுவைத் தேடி அலையும். புழு மூச்சுவிடும் கரியமில வாயுவும், கடிபட்ட வேரிலிருந்து கசியும் வாசனையும் அதற்கு வழிகாட்டும். கொழுப்பு தீர்வதற்குள் புழு கிடைக்கவில்லை என்றால் செத்துவிடும். ஆக நீங்கள் ஊற்றுவது மருந்து மாதிரி மண்ணில் அப்படியே படிந்திருக்கும் பொருள் கிடையாது. பசியோடு, குறைந்த ஆயுளோடு, ஈரத்தை நம்பி இருக்கும் ஒரு உயிர். இதன் குடலுக்குள்தான் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது.

வேர்ப்புழு கிடைத்ததும் நுழைய வாசல் வேண்டும். வாய், ஆசனவாய், உடலின் பக்கவாட்டிலுள்ள மூச்சுத்துளைகள் எல்லாம் வாசல்கள்தான். ஆனால் வேர்ப்புழு சும்மா இருக்காது. லட்சக்கணக்கான வருடங்கள் மண்ணுக்குள்ளேயே இந்த எதிரிகளோடு வாழ்ந்த உயிர் அது. அதன் மூச்சுத்துளைகளை மாவு சலிக்கும் சல்லடை போன்ற தட்டு மூடியிருக்கும். அடிக்கடி கழிவை வெளியேற்றி, பின்பக்கம் நுழைபவற்றைத் தள்ளிவிடும். உடம்பில் ஏதாவது ஊர்ந்தால் காலாலும் வாயாலும் தேய்த்துத் துடைக்கும், இடத்தைவிட்டு நகரும். இதனால்தான் இலைப்புழுக்களை இரண்டே நாளில் கொல்லும் சில ஸ்டெய்னெர்னீமா வகைகள் வேர்ப்புழுவிடம் தோற்றுப்போகின்றன. அவற்றில் சில, இருந்த இடத்திலேயே வால் ஊன்றி நின்று, கடந்து போகும் பூச்சிமேல் தாவுகிறவை. மண்ணுக்குள் அடங்கிக் கிடக்கும் வேர்ப்புழுவிடம் அந்த உத்தி எடுபடாது. ஹெட்டெரோராப்டிடிஸ் தேடிப்போகும் இனம். அதோடு அதன் தலையில் ஒரு சிறு பல் இருக்கிறது. புழுவின் வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தோலை அந்தப் பல்லால் கீறிக்கொண்டே உள்ளே போய்விடும். சல்லடை போட்ட வாசல் அதற்குத் தடையில்லை.

உள்ளே போனதும் புழுவின் ரத்தத்தில் வந்து சேர்கிறது. பூச்சிக்கு ரத்தக்குழாய் கிடையாது, உடம்பு முழுக்க ஒரே குளம். அந்தத் திரவம் பட்டதும் இளம்புழு விழித்துக்கொள்கிறது. மேல்சட்டை போய்விடும், வாய் திறக்கும், குடலில் வைத்திருந்த பாக்டீரியாவை வாந்தி எடுக்கும். எண்ணிக்கையில் அது பெரிதில்லை, சுமார் நூறு செல்கள் இருக்கும். வேர்ப்புழுவின் எதிர்ப்பு அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கப் பார்க்கும், நூற்புழுவைச் சுற்றிக் கருப்பாக ஓடு கட்டவும் பார்க்கும். சில சமயம் வேர்ப்புழு ஜெயித்தும்விடும். பெரும்பாலும் பாக்டீரியா முந்திக்கொள்கிறது. அது வெளிவிடும் நச்சுகள் எதிர்ப்பு அணுக்களையும் குடல் சுவரையும் சிதைக்கின்றன. அந்த நச்சுகளில் ஒன்றுக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயருக்கே 'புழுவைத் தொளதொளக்க வைப்பது' என்றுதான் அர்த்தம். அந்த ஒரு மரபணுவை மட்டும் எடுத்து, சாதாரணமாகப் புழுவுக்கு ஒன்றும் செய்யாத ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் புகையிலைப் புழுவுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அந்த அப்பாவி பாக்டீரியாவே புழுவைத் தொளதொளக்க வைத்துக் கொன்றது. உள்ளே நுழைந்ததிலிருந்து ஒன்று, இரண்டு நாளில் புழு சாகிறது. வேர்ப்புழு மாதிரி பெரிய உடம்பு என்றால் இன்னும் சில நாள் கூடலாம்.

எனக்கு இன்றும் சலிக்காத பகுதி இதற்கு அப்புறம் நடப்பது. ஈர மண்ணில் ஒரு செத்த புழு இரண்டு நாளில் அழுகி நாற வேண்டும். இது அழுகாது. ஃபோட்டோராப்டஸ் மற்ற பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்கும் பொருட்களை உற்பத்தி செய்து, பிணத்தைத் தன் கூட்டாளிக்காகக் கெடாமல் வைத்திருக்கும். எறும்பு முதலியவை வந்து தூக்கிப் போகாமல் விரட்டும் பொருளும் அதில் உண்டு. ஒரு செந்நிறச் சாயமும் சுரப்பதால் புழு செங்கல் நிறமாக மாறுகிறது. அது மட்டுமில்லை, மெலிதாக ஒளிரவும் செய்கிறது. ஒளிரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் கடலில் வாழ்பவை, நிலத்தில் அந்தத் திறமைக்குப் பேர்போனது இந்த இனம்தான். புதிதாகச் செத்த சிவப்புப் புழுவை ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாத அறையில் வைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் காத்திருந்தால் பச்சை கலந்த மங்கலான ஒளி தெரியும். ஆய்வகத்தில் முதல்முறை அதைப் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏன் ஒளிர்கிறது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் ஊகம்தான்.

இந்தப் பாக்டீரியாச் சாற்றைத் தின்று நூற்புழு பெருகுகிறது. முதலில் வளர்வது ஆணும் பெண்ணும் ஒரே உடலில் இருக்கும் தாய். அதனால் ஒரே ஒரு இளம்புழு நுழைந்தாலும் குடும்பம் உண்டாகிவிடும். தாய் கொஞ்சம் முட்டையை வெளியே இடும். மிச்ச முட்டைகள் அதன் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயை உள்ளிருந்தே தின்று வளரும். கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் பாக்டீரியா அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவது இந்த இடத்தில்தான். பாக்டீரியாவில் சில செல்கள் தாயின் குடலில் ஒட்டிக்கொண்டு, மலக்குடல் சுரப்பிக்குள் புகுந்து பெருகும். தாய் சாகும் சமயத்தில் சுரப்பி உடைந்து அவை வெளியே வந்து, உள்ளேயிருக்கும் ஒவ்வொரு குஞ்சின் குடலிலும் போய்க் குடியேறும். இரண்டு வாரம் போல் ஆனதும் தீனி தீர்ந்த பிணத்திலிருந்து லட்சக்கணக்கில் புது இளம்புழுக்கள், ஒவ்வொன்றும் தன் பங்கு பாக்டீரியாவோடு, மண்ணுக்குள் இறங்கும்.

ஆக, கொல்வது பாக்டீரியாதானா என்ற கேள்விக்கு என் பதில், ஹெட்டெரோராப்டிடிஸைப் பொறுத்தவரை ஆமாம். ஆனால் அந்தப் பாக்டீரியா தானாக மண்ணில் வாழாது, தானாகப் புழுவின் உடம்புக்குள் போகவும் முடியாது. பாக்டீரியா இல்லாத ஹெட்டெரோராப்டிடிஸ் உள்ளே போனாலும் ஒழுங்காகக் கொல்லாது, பெருகவும் பெருகாது. இந்த உண்மை தெரியாமல் ஒரு முயற்சி எப்படி நொண்டியது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1929-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஜப்பானிய வண்டின் வேர்ப்புழுக்கள் நூற்புழு தாக்கிச் செத்துக் கிடந்ததை கிளேசர் என்ற விஞ்ஞானி கண்டார். அந்த இனத்துக்கு இன்று அவர் பெயர்தான். 1930-களில் அவர் அதைச் செயற்கை உணவில் வளர்த்து வயல்களில் விட்டார். உயிருள்ள பூச்சி இல்லாமல் இந்த நூற்புழுவை வளர்த்த முதல் ஆள் அவர். ஆனால் வளர்ப்புத் தட்டில் வேறு கிருமி வரக்கூடாது என்று தடுப்புப் பொருள் சேர்த்தார். கூட்டாளி பாக்டீரியாவும் அதோடு போயிருக்க வேண்டும் என்பதுதான் பின்னால் வந்தவர்களின் கணிப்பு. பலன் ஓரிடத்தில் நன்றாகவும் ஓரிடத்தில் மோசமாகவும் வந்தது. வேறொரு நூற்புழுவின் உள்ளே இருக்கும் பாக்டீரியாவை பாய்னரும் தாமஸும் 1965-ல் விவரித்த பிறகுதான் இந்தக் கூட்டு வெளிச்சத்துக்கு வந்தது. நம் கோவை நூற்புழுவை விவரித்த அதே பாய்னர்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது. ஆய்வகத்தில் ஒரு கோப்பை மண்ணில் ஒரு வேர்ப்புழுவைப் போட்டு ஊற்றினால் இது கொல்லும், அதில் சந்தேகம் வேண்டாம். வயலில் எத்தனை சதவீதம் கொல்லும் என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வயல்களிலேயே பலன் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மணல் கலந்த செம்மண்ணில் நூற்புழு சுலபமாக நகரும், இறுகிய களிமண்ணில் திணறும். ஒரு தடவை ஊற்றினால் வருடக்கணக்கில் மண்ணில் தங்கும் என்று விற்பவர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊற்றியதில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே செத்துவிடும், மிச்சம் சில வாரங்கள் இருக்கும். செத்த புழுவிலிருந்து புதுத் தலைமுறை வந்தால் அது உங்களுக்குக் கிடைத்த உபரி, அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

இனி செப்டம்பர் விஷயம். நம் பக்கம் கரும்பைத் தின்னும் வேர்ப்புழு பெரும்பாலும் ஹோலோட்ரைக்கியா செர்ரேட்டா. வருடத்துக்கு ஒரு தலைமுறை. சித்திரை, வைகாசியில் முதல் கோடை மழை விழுந்ததும் பொழுது சாய்கிற நேரத்தில் பழுப்பு வண்டுகள் மண்ணைவிட்டுக் கிளம்பி வேம்பிலும் வேலமரத்திலும் போய் உட்காரும். இணை சேர்ந்து மண்ணில் முட்டையிடும். ஜூன் மாதம் சிறு புழுக்கள். ஜூலைக்கு மேல் கடைசிப் பருவத்துக்கு வந்து, ஆகஸ்ட், செப்டம்பரில் நன்றாகத் தடித்து வளர்ந்து வேரைக் காலி செய்யும். கரும்பு மஞ்சளாகிச் சாயும்போதுதான் நாம் கவனிக்கிறோம், நீங்கள் மருந்து தேடி அலைந்ததும் அப்போதுதான். அந்த நேரத்தில் புழுவின் தோல் தடித்திருக்கும், எதிர்ப்பும் கூடியிருக்கும், மண் காய்ந்தால் ஆழத்துக்குப் போய்விடும். செத்தாலும் அது தின்ற வேர் திரும்பி வராது. எந்தப் பருவத்துப் புழு சுலபமாகச் சாகும் என்பதில் ஆய்வுகள் எல்லா வேர்ப்புழு இனங்களுக்கும் ஒரே முடிவைத் தரவில்லை, அது உண்மை. ஆனாலும் சிறு புழுக்கள் மேல்மண்ணில் இருக்கும் ஜூன் கடைசி, ஜூலை முதல் பாதிதான் சரியான காலம் என்பது என் கருத்து. நாளைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டு பறந்த தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஐந்து, ஆறு வாரம் கழித்துப் பத்து இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். வேருக்கருகில் ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைந்த சிறு வெள்ளைப் புழு கிடைத்தால் அதுதான் நேரம். வண்டு பறக்கும் நாட்களிலேயே மாலை ஏழு, எட்டு மணிக்கு வேப்பங்கிளையை உலுக்கி, விழும் வண்டைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் பாதி வேலை அங்கேயே முடியும்.

அடுத்தது பாக்கெட். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம், பல சமயம் விற்பவருக்கே அது செத்துப்போனது தெரியாது. ஒருமுறை எனக்கு வந்த பெட்டி வண்டியின் மேல்தட்டில் ஒரு பகல் முழுக்க வெயிலில் வந்திருந்தது. வெளியே ஒரு குறையும் தெரியவில்லை, உள்ளே எல்லாம் ஊசி போல நேராக விறைத்துக் கிடந்தன. இன்னொரு தவறு, நல்லெண்ணத்தோடு வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது. குளிர்நாட்டு வகைகளுக்கு அது சரி. இண்டிகா வெப்பத்துக்குப் பழகியது, நான்கைந்து டிகிரிக் குளிரில் வாரக்கணக்கில் வைத்தால் அது நலிந்துவிடும். 15 டிகிரி அளவில் வைப்பது நல்லது. அந்த வசதி இல்லையென்றால் லேபிளில் சொன்னபடி நிழலில் வைத்து, வாங்கிய சில நாளுக்குள் ஊற்றிவிடுங்கள்.

உயிர் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். லேபிளில் 100 கோடி என்று இருந்தால் அதைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஒரு மில்லியில் ஒரு லட்சம் இருக்க வேண்டும். நன்றாகக் கலக்கி, ஊசிக்குழலில் ஒரு மில்லி எடுத்து வேறொரு லிட்டர் தண்ணீரில் விடுங்கள். இப்போது ஒரு மில்லியில் நூறு இருக்க வேண்டும். அதில் ஒரு மில்லியைக் கருப்புத் தட்டில் பரப்பி, அரைமணி நேரம் விட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பக்கவாட்டு வெளிச்சத்தில் எண்ணுங்கள். பாம்பு போல நெளிபவை உயிரோடு இருப்பவை. லேசாகத் தட்டியும் அசையாமல் குச்சி மாதிரி கிடப்பவை செத்தவை. இப்படி ஐந்து முறை எண்ணிச் சராசரி எடுங்கள். எழுபது, எண்பது நெளிந்தால் அளவைக் கொஞ்சம் கூட்டிப் பயன்படுத்தலாம். இருபதுதான் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

நெளிவது மட்டும் போதாது, கொல்லவும் வேண்டும். ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டே போனால் நூற்புழுவின் வீரியம் குறைந்துவிடும், நெளியும் ஆனால் புழுவைத் தேடிப் போகாது. தேனீ வளர்ப்பவர்களிடம் கழித்த அடையிலிருந்து பத்து மெழுகுப் புழுக்கள் கேட்டு வாங்குங்கள். ஈரமண் போட்ட டப்பாவில் அவற்றை அடியில் வைத்து, ஒரு மில்லியில் நூறு இருக்கும் அந்தத் தண்ணீரில் பத்து மில்லியை மேலே ஊற்றி, மூடியில் சிறு துளை போட்டு நிழலில் வையுங்கள். மூன்று நாளில் பெரும்பாலானவை செங்கல் நிறமாகச் செத்திருந்தால் பாக்கெட்டும் நல்லது, உள்ளே பாக்டீரியாவும் இருக்கிறது. கருத்து நாறிச் செத்தால் அது வேறு கிருமி. இந்தச் சோதனைக்காக முதலில் சிறு பாக்கெட் ஒன்று வாங்கி, அது தேறிய பிறகு அதே தொகுப்பு எண்ணில் மிச்சத்தை வாங்குவது புத்திசாலித்தனம்.

அளவு என்று உலகம் முழுக்கப் பொதுவாக எடுத்துக்கொள்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 இளம்புழு. ஏக்கருக்கு அது ஏறக்குறைய 100 கோடி வரும். ஒரு புழு செத்துப்போக ஒன்றிரண்டு நுழைந்தாலே போதும் என்றால் ஏன் இவ்வளவு என்று தோன்றும். ஊற்றுவதில் பெரும்பாலானவை எந்தப் புழுவையும் சந்திக்காமலே சாகும், அதனால்தான். கரும்புக்கு ஒரு சௌகரியம் உண்டு: புழு வேர் இருக்கும் வரிசையில்தான் இருக்கும். உங்கள் பார் இடைவெளி ஐந்தடி என்றால் வரிசையை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மட்டும் ஊற்றினால் போதும், அது நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான். அதே 25 கணக்குக்கு ஏக்கருக்கு 40 கோடி போதும். ஆனால் மூன்று வருடமாகத் தொல்லை என்கிறீர்கள். உங்கள் நிலையில் நான் 100 கோடியையும் அந்த இரண்டடிப் பட்டையிலேயே ஊற்றுவேன். அப்படிச் செய்தால் சதுர சென்டிமீட்டருக்கு அறுபதுக்கு மேல் விழும்.

ஐந்தடி இடைவெளியில் ஒரு ஏக்கரில் வரிசை நீளம் 8,700 அடி சொச்சம் வரும். 200 லிட்டர் டிரம் இரண்டில் தலா 50 கோடி கரைத்தால், ஓரடி வரிசைக்கு 45 மில்லி, அதாவது ஒரு சின்ன டீ கிளாஸில் பாதி போல. முதல் நாள் தண்ணீர் பாய்ச்சி மண்ணை நனைத்து வையுங்கள். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மேல், வெயில் சாய்ந்ததும் தொடங்குங்கள். வெயில் நேராகப் பட்டால் சில நிமிடங்களிலேயே இவை சாகத் தொடங்கும். கைத்தெளிப்பான் என்றால் நாசிலைக் கழற்றி, உள்ளேயிருக்கும் நுண்சல்லடையையும் எடுத்துவிடுங்கள். இளம்புழு கனமானது, கலக்காமல் விட்டால் அடியில் படியத் தொடங்கும், அப்படியே கிடந்தால் மூச்சு முட்டிவிடும், அதனால் ஒருவர் டிரம்மைக் கலக்கிக்கொண்டே இருக்கட்டும். சோகை பரப்பியிருந்தால் ஒதுக்கி, மண்ணில் ஊற்றி, மறுபடி மூடுங்கள். சொட்டுநீரில் விடுவதென்றால் ஃபில்டருக்கு அப்பால் செலுத்தி, பிறகு வெறும் தண்ணீர் ஓட்டிக் குழாயைக் கழுவிவிடுங்கள். ஊற்றி முடித்த கையோடு லேசாக ஒரு தண்ணீர் கொடுங்கள், அப்போதுதான் மேற்பரப்பிலிருந்து கீழே இறங்கும். அதற்கடுத்த இரண்டு வாரம் மண் புட்டு மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினாலும் கெடுதல், தூசி பறந்தாலும் கெடுதல். கரண்ட் பிரச்சினையோ கிணற்றில் தண்ணீர்ப் பற்றாக்குறையோ இருந்து இந்த இரண்டு வாரம் ஈரம் காக்க முடியாது என்றால், அந்த வருடம் பணத்தை இதில் போடாதீர்கள்.

ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் பச்சைக் கோழி எருவும் கூடுதல் யூரியாவும் வேண்டாம். வேர்முடிச்சுக்காகப் போடும் நூற்புழுக்கொல்லிக் குருணைகள் இதையும் சேர்த்துக் கொல்லும். முன்பு வேர்ப்புழுவுக்குப் போட்டுவந்த ஃபோரேட் குருணை 2020 முடிவோடு நாட்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது, எங்காவது பழைய மூட்டை கிடைத்தாலும் தொடாதீர்கள். இமிடாகுளோபிரிட் மட்டும் வேறு மாதிரி. அமெரிக்கப் புல்வெளிகளில் செய்த ஆய்வுகளில், அது குறைந்த அளவில் பட்ட வேர்ப்புழு மந்தமாகி, தன்மேல் ஊரும் நூற்புழுவைத் துடைத்தெறிய முடியாமல் போய், இரண்டும் தனித்தனியே கொல்வதன் கூட்டுத்தொகையைவிட அதிகமாகச் செத்தது. நம் கரும்பில் அதே அளவு பலிக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அதோடு பட்டு மனைக்குப் பக்கத்தில் அந்த மருந்தை நான் சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

பட்டுப்புழு பற்றிய உங்கள் கவலை சரியான கவலைதான். இந்த நூற்புழுவுக்கு வேர்ப்புழு, பட்டுப்புழு என்ற வித்தியாசம் தெரியாது. ஆய்வகத்தில் பட்டுப்புழுவை இது நன்றாகவே கொல்லும். ஆனால் மண்ணில் ஊற்றியது பறந்து வராது, காய்ந்த தட்டிலும் சுண்ணாம்பு அடித்த தரையிலும் உயிர் வாழாது. ஆபத்து ஈரக் கையிலும், வாளியிலும், மல்பெரி இலை நனைக்கும் தெளிப்பானிலும்தான் இருக்கிறது. ஊற்றிய ஆள் குளித்து உடை மாற்றாமல் மனைக்குள் போகக்கூடாது. அந்த டிரம், தெளிப்பான் எதையும் மனை வேலைக்கு எடுக்காதீர்கள். வெந்நீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும்.

மனிதருக்கும் மாட்டுக்கும் இதனால் கேடு வந்ததாகக் கிடையாது, மண்புழுவையும் இது தொடாது. முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக ஒன்று சேர்க்கிறேன்: இதே பாக்டீரியாக் குடும்பத்தில் ஃபோட்டோராப்டஸ் அசிம்பயோட்டிகா என்ற ஒன்று மனிதரின் தோலில் புண் உண்டாக்கிய சில நிகழ்வுகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகியிருக்கின்றன. இண்டிகாவின் குடலில் பொதுவாக இருப்பது அது கிடையாது, வேறு இனம். இருந்தாலும் கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஊற்றிய பத்தாம் நாள் போல் முன்பு தோண்டிய இடங்களுக்குப் பக்கத்திலேயே மறுபடி பத்துக் குழி தோண்டுங்கள். ஊற்றாமல் ஓரமாக நான்கு வரிசை விட்டு வைத்து அங்கேயும் தோண்டினால்தான் ஒப்பிட முடியும், மழையாலும் புழு குறையும். செத்த புழு கண்ணில் படுவது குறைவாகத்தான் இருக்கும், கரைந்துவிடும். அதனால் உயிரோடு இருப்பதை எண்ணி இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்து விறைத்த புழு கிடைத்தால் அது பூஞ்சையின் வேலை. நாறாமல், தொளதொளவென்று, செங்கல் நிறத்தில் கிடைத்தால் அது நீங்கள் ஊற்றியது. அதை ஆசைக்கு ஒரு ராத்திரி இருட்டறையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் மாலை புழு அதிகமாக இருக்கும் தூரின் அடியிலேயே ஈரமண்ணோடு புதைத்துவிடுங்கள். அதற்குள் இருந்து லட்சம் இளம்புழு கிளம்பும்.